ஒரே வடிவமைப்பு, இரண்டு கொக்கிகள்: 3டி பிரிண்டர் பற்றிய என் பேச்சுக்குப் பின் வந்த கேள்விகள்

கணினியில் வரைந்த வடிவம் கையில் பிடிக்கும் பொருளாக மாறுவது எப்படி என்று வகுப்பில் சில நிமிடங்கள் பேசினேன். பேச்சைவிடக் கேள்விகள் நீளமாக இருந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அன்று நான் வரவில்லை. நீ பேசியதை அப்படியே எழுதித் தருவாயா?

தருகிறேன், சிறியதுதான்:

"நண்பர்களே, என் கையில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கோப்பிலிருந்து, ஒரே பிரிண்டரில், ஒரே பிளாஸ்டிக்கில் அச்சானவை. சுவரில் திருகும் பட்டை 40 மில்லிமீட்டர் உயரம். அதிலிருந்து 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கை வெளியே நீள்கிறது. பை நழுவாமல் இருக்க, கையின் நுனி 15 மில்லிமீட்டர் மேல்நோக்கி நிற்கிறது. எல்லா இடத்திலும் அகலம் 10, தடிமன் 5. அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்று பையைத் தாங்கும், மற்றது தாங்காது.

ஏன் என்று புரிய வேண்டுமானால், பிரிண்டருக்கு எது தெரியும், எது தெரியாது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் கொக்கி என்றால் என்னவென்று தெரியாது. இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போ, போகும்போது இவ்வளவு பிளாஸ்டிக்கைப் பிழி. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தக் கட்டளைகளை எழுதுவது ஸ்லைசர் என்ற மென்பொருள். அது நம் வடிவத்தை 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள கிடைமட்ட அடுக்குகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் முனை எந்த வழியாகப் போக வேண்டும் என்று கோடு போடுகிறது. பிறகு பிரிண்டர் வேலையைத் தொடங்குகிறது. 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழையை ஒரு பல்சக்கரம் உள்ளே தள்ள, சூடான முனை அதை உருக்கி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே விடுகிறது. கோடு கோடாக ஓர் அடுக்கு. அது முடிந்ததும் முனை 0.2 மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. அதன்மேல் அடுத்த அடுக்கு.

ஆக, நம் கையில் கிடைப்பது ஒரே வார்ப்பு அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அடுக்குகள். இந்த இரண்டு கொக்கிகளிலும் அடுக்குகள் வேறு வேறு திசையில் ஓடுகின்றன. வேறுபாடு அது ஒன்றுதான். இப்போது பையை மாட்டுகிறேன்."

அதன்பின் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்குக் கீழே சொல்கிறேன்.

வடிவத்தை வரைந்தவுடன் நேராகப் பிரிண்டருக்கு அனுப்ப முடியாதா? நடுவில் ஸ்லைசர் எதற்கு?

வரைந்த கோப்பில் பொருளின் மேற்பரப்பு மட்டும்தான் இருக்கிறது. வழக்கமாக அதை `.stl` என்று முடியும் கோப்பாகச் சேமிப்போம். அதைத் திறந்து பார்த்தால் முக்கோணங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். கொக்கியின் தட்டையான பக்கங்களுக்குச் சில முக்கோணங்கள் போதும். வளைவான பகுதிகளுக்கும் திருகுத் துளைகளுக்கும் நிறைய வேண்டும், ஏனென்றால் வளைவு என்பதே அந்தக் கோப்பில் கிடையாது. சிறு சிறு தட்டை முகங்களை நெருக்கமாக அடுக்கி வளைவுபோலக் காட்டுகிறது, அவ்வளவுதான். முக்கோணங்களைக் குறைவாக வைத்துச் சேமித்தால், அச்சான பொருளின் வளைவில் விரலை ஓட்டும்போதே முகங்கள் தட்டுப்படும்.

பொருளின் உள்ளே என்ன நிரப்புவது, எந்தப் பக்கம் கீழே வர வேண்டும், எவ்வளவு வேகம், என்ன வெப்பம் என்பவற்றில் எதுவுமே அந்தக் கோப்பில் இல்லை. எண்கள் மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூட அது சொல்லாது. ஆகவே அங்குலத்தில் வரைந்த பொருளை ஸ்லைசரில் திறக்கும்போது கடுகளவில் தெரிந்தால் பதற வேண்டாம், 25.4 மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடும்.

இந்த முடிவுகளையெல்லாம் எடுக்கும் இடம் ஸ்லைசர். எடுப்பது அது அல்ல, அதன் முன் உட்கார்ந்திருக்கும் ஆள்.

ஸ்லைசர் பிரிண்டருக்குக் கொடுக்கும் கோப்பில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

சாதாரண உரைக்கோப்புதான், யாரும் திறந்து படிக்கலாம். கட்டளைகளின் இந்த மொழிக்கு ஜி-கோட் என்று பெயர். தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
G28
M190 S60
M109 S205
M83
G1 Z0.2 F600
G1 X80 Y80 F6000
G1 X120 Y80 E1.33 F1800
```

முதல் வரி, மூன்று அச்சுகளையும் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. அடுத்த இரண்டு வரிகளும் வெப்பத்துக்கானவை. அச்சிடும் தட்டு 60 டிகிரி செல்சியஸும் முனை 205 டிகிரியும் எட்டும்வரை பிரிண்டர் காத்திருக்கும். `M83` என்றால், இழையின் அளவை ஒவ்வொரு வரியிலும் புதிதாக எண்ண வேண்டும் என்று பொருள். பிறகு முனை தட்டுக்கு 0.2 மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்து, பிளாஸ்டிக்கை விடாமல் ஒரு புள்ளிக்கு நகர்கிறது.

கடைசி வரிதான் விஷயம். 80 என்ற இடத்திலிருந்து 120 வரை 40 மில்லிமீட்டர் நேராகப் போ, போகும்போது 1.33 மில்லிமீட்டர் இழையை உள்ளே தள்ளு என்கிறது. கொக்கியின் சுவர்ப்பட்டையில் ஒரே ஒரு கோடு இது. `F1800` என்பது நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர், அதாவது நொடிக்கு 30. இந்தக் கோடு போட ஒன்றே கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

அந்த 1.33 எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்டவர் கணக்கில் புலி, சந்தேகமே இல்லை.

போடும் கோட்டை ஒரு நீளமான பெட்டியாக நினைத்துக்கொள்ளலாம். நீளம் 40, அகலம் 0.4, உயரம் 0.2. பெருக்கினால் 3.2 கன மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வேண்டும். உள்ளே போகும் இழையின் விட்டம் 1.75 என்பதால் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பு சுமார் 2.4 சதுர மில்லிமீட்டர். 3.2-ஐ 2.4-ஆல் வகுத்தால் 1.33. உள்ளே போகும் பிளாஸ்டிக்கும் வெளியே வரும் பிளாஸ்டிக்கும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவே. உண்மையில் கோட்டின் ஓரங்கள் உருண்டையாக இருக்கும். அதனால் சில ஸ்லைசர்கள் இந்த எண்ணைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இழை எல்லா இடத்திலும் 1.75 தடிமன்தான் என்று நம்பித்தான் ஸ்லைசர் கணக்குப் போடுகிறது. மலிவான இழை சில இடங்களில் மெலிந்திருந்தால் அங்கே பிளாஸ்டிக் போதாமல் கோடுகளுக்கு இடையில் மயிரிழை இடைவெளி விழும். பொருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும்.

முழுக் கொக்கியையும் உள்ளே காலியிடமே இல்லாமல் அச்சிட்டால்கூட 4.25 கன சென்டிமீட்டர்தான். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் ஐந்தே கால் கிராமும், ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான இழையும் ஆகும்.

சரி, ஒரு கொக்கி ஏன் உடைந்தது? இரண்டும் ஒன்றுதானே?

அச்சிடும்போது இரண்டையும் தட்டில் கிடத்திய விதம் வேறு.

உடைந்த கொக்கியின் சுவர்ப்பட்டை தட்டில் முதுகு பதியக் கிடந்தது. பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது அதுதான். அகலமான தட்டை முகம் கீழே இருந்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அப்படிக் கிடத்தும்போது கொக்கியின் கை வானத்தைப் பார்த்து நிற்கிறது. பட்டையின் தடிமன் 5, கையின் நீளம் 30, ஆக 35 மில்லிமீட்டர் உயரம், 175 அடுக்குகள். கை முழுவதும் சிறு சிறு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருவானது.

இப்போது அதைச் சுவரில் திருகிப் பையை மாட்டுங்கள். பை கையைக் கீழே அழுத்தும்போது, கையின் மேற்பரப்பு இழுபடுகிறது, கீழ்ப்பரப்பு நசுங்குகிறது. இழுவை அதிகமாக இருப்பது கையும் பட்டையும் சேரும் மூலையில். அந்த இழுவை கையின் நீளவாக்கில் வருகிறது. அதாவது ஓர் அடுக்கை அதன் பக்கத்து அடுக்கிலிருந்து பிய்க்கும் திசையில்.

அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டுதான் இந்த முறையின் பலவீனம். 205 டிகிரியில் வரும் புதிய பிளாஸ்டிக், முன்பே குளிர்ந்து இறுகிவிட்ட அடுக்கின்மேல் விழுகிறது. அந்தச் சூட்டில் கீழ் அடுக்கின் மேல்தோல் மட்டும் ஒரு கணம் இளகும், பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் கொஞ்சம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அதற்குள் எல்லாம் ஆறிவிடும். ஒரே கோட்டுக்குள் இருக்கும் பிணைப்பு அளவுக்கு அங்கே பிணைப்பு வருவதில்லை. பக்கவாட்டில் தெரியும் கோடுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களும் விரிசல் தொடங்க வசதி செய்து கொடுக்கின்றன. விறகை நாரோட்டத்தின் வழியே பிளப்பதற்கும் குறுக்கே வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

தாங்கிய கொக்கி பக்கவாட்டில் படுத்து அச்சானது. மேலிருந்து பார்த்தால் கொக்கியின் பக்கத் தோற்றம் முழுதாகத் தட்டில் தெரியும். உயரம் 10 மில்லிமீட்டர், 50 அடுக்குகள்தான். ஒவ்வொரு அடுக்கிலும் முனை பட்டையில் தொடங்கி, மூலையில் திரும்பி, கையின் வழியாக நுனிவரை அறுபடாமல் போகிறது. பை இழுக்கும் திசையிலேயே கோடுகளும் ஓடுகின்றன. பிரிய வேண்டுமானால் அடுக்குகள் பிரிந்தால் போதாது, கோடுகளே அறுபட வேண்டும்.

உடைந்ததை வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தைப் பாருங்கள், கத்தியால் அறுத்ததுபோல மட்டமாக இருக்கிறது, முனை கடைசியாகப் போட்ட கோடுகளின் வரி அதில் அப்படியே தெரிகிறது. பிளாஸ்டிக் அறுந்திருந்தால் முகம் கரடுமுரடாக, ஆங்காங்கே வெளுத்துப்போய் இருக்கும். மட்டமான முறிவைப் பார்த்தால் ஒட்டுதான் விட்டது என்று சொல்லிவிடலாம்.

முனையின் வெப்பத்தைக் கூட்டினால் அடுக்குகள் நன்றாக ஒட்டாதா?

ஓரளவு ஒட்டும். பிஎல்ஏவை 190 முதல் 220 டிகிரிவரை அச்சிடுவார்கள், 215-ல் அச்சிட்ட கொக்கி 195-ல் அச்சிட்டதைவிட அடுக்குப் பிரியாமல் நிற்கும். குளிர்விக்கும் விசிறியைக் குறைத்தாலும் அதே பலன். ஆனால் சூடு ஏறினால் பிளாஸ்டிக் அதிகம் இளகி ஒழுகும், முனை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது மெல்லிய நூலாக இழுபடும், கூரான மூலைகள் மழுங்கும். எவ்வளவு கூட்டினாலும் பக்கவாட்டில் படுத்து அச்சான கொக்கியின் வலு வந்துவிடாது. கிடத்தும் விதத்தை மாற்றச் செலவே இல்லை, முதலில் அதைச் செய்வதே புத்தி.

உள்ளே முழுவதும் பிளாஸ்டிக்கால் நிரப்பியிருந்தால் உடைந்திருக்காது அல்லவா?

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். உள்நிரப்பை 20 சதவீதத்திலிருந்து 100 ஆக்கினால் எடையும் நேரமும் நிச்சயம் கூடும். வலு அந்த அளவுக்குக் கூடாது. வளையும் பொருளில் இழுவையும் நசுங்கலும் வெளிப்பரப்பில்தான் அதிகம், நடுப்பகுதிக்கு வேலை குறைவு. அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் வெளியோரத்தைச் சுற்றிப் போடும் சுவர்க்கோடுகளைக் கூட்டுவது நல்லது. 0.4 அகலத்தில் பக்கத்துக்கு மூன்று கோடுகள் போட்டால், 5 மில்லிமீட்டர் தடிமனில் 2.4 சுவருக்கே போய்விடும். நான்கு போட்டால் 3.2. உள்ளே மிஞ்சுவது 1.8, அதை எதனால் நிரப்பினால் என்ன!

எல்லாப் பொருளையும் பக்கவாட்டில் படுக்கவைத்தே அச்சிட்டுவிடலாமா?

கூடாது. எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அடுத்ததாக, காற்றில் எது தொங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

முனையால் வெட்டவெளியில் கோடு போட முடியாது, கீழே ஏதாவது இருக்க வேண்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரிவரை சாய்ந்த சுவர் தாங்கல் இல்லாமலே வந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு புதிய கோட்டின் பாதியாவது கீழ்க்கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குமேல் சாய்ந்தால் கோடுகள் தொங்கிவிடும். அப்போது ஸ்லைசரிடம் தாங்கல் கேட்க வேண்டும். அது கீழிருந்து எளிதில் உடையும் தற்காலிகத் தூண்களை எழுப்பும், முடிந்ததும் குறடால் பிய்த்து எறியலாம். தாங்கல் இருந்த பரப்பு எப்போதும் சொரசொரப்பாக இருக்கும்.

உடைந்த கொக்கிக்கு இந்தத் தொல்லையும் இருந்தது. கை மேல்நோக்கி நிற்கும்போது, அதன் உச்சியிலுள்ள 15 மில்லிமீட்டர் நுனி கிடைமட்டமாகக் காற்றில் நீள்கிறது. அதன் கீழே தாங்கல் தேவைப்பட்டது. பக்கவாட்டில் கிடந்த கொக்கிக்குத் தாங்கலே தேவையில்லை, எல்லா அடுக்கும் ஒரே வடிவம். திருகுத் துளைகள் மட்டும் அதில் கிடைமட்டமாக வந்தன, அவற்றின் மேல் வளைவு சற்றுத் தொய்ந்தது. திருகாணியை முறுக்கினால் சரியாகிவிடும் அளவுதான்.

துளையை 4 மில்லிமீட்டர் என்று வரைந்தால் 4 மில்லிமீட்டர் திருகாணி ஏன் போக மறுக்கிறது?

துளைகள் சிறுத்துத்தான் வரும். வளைவில் போகும் முனை, இன்னும் இறுகாத இழையை வட்டத்தின் உட்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குகிறது. வட்டம் என்று நாம் வரைந்ததும் கோப்பில் பலகோணம்தான், அதன் பக்கங்கள் உண்மையான வட்டத்துக்குச் சற்று உள்ளே விழுகின்றன. வரையும்போதே 0.3 மில்லிமீட்டர் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் பொருந்தும். இல்லையென்றால் 4 மில்லிமீட்டர் துளைக்கருவியைக் கையாலேயே விட்டுத் திருப்பலாம்.

முதல் அடுக்கை மட்டும் ஏன் அவ்வளவு மெதுவாகப் போடுகிறது?

மேலே வரும் எல்லாம் அதன் பிடிமானத்தில் நிற்கின்றன. முனை தட்டுக்கு மிக உயரத்தில் இருந்தால் கோடு உருண்டையாக விழுந்து, விரல் பட்டாலே பெயரும். மிகத் தாழ்வாக இருந்தால் பிளாஸ்டிக் வெளிவர இடமின்றிக் கோடு கண்ணாடிபோல் மெலிந்து, ஓரங்களில் வரப்பு எழும். சரியான கோடு சற்றுத் தட்டையாக நசுங்கி, பக்கத்துக் கோட்டோடு இடைவெளியில்லாமல் சேர்ந்திருக்கும். தட்டில் கைரேகை எண்ணெய் பட்டிருந்தாலும் ஒட்டாது, அதனால் தட்டின் நடுவில் கை வைக்காதீர்கள். வைத்துவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

பாதியில் பொருள் தட்டிலிருந்து பெயர்ந்துவிட்டால் பிரிண்டர் நின்றுவிடுமா?

பெரும்பாலான சாதாரண பிரிண்டர்கள் நிற்காது. தட்டில் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் கண் அவற்றுக்கு இல்லை. அடுத்த வரியைப் படிக்கும், போகும், பிழியும். வெறும் காற்றில் இழை விழுந்து பெரிய நூல்சிக்காகக் குவியும்.

மோட்டார்களும் அப்படித்தான். பல பிரிண்டர்களில் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளில் சுற்றும், மின்சுற்று ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கும், ஒரு சுற்றுக்குப் பல்வார் 40 மில்லிமீட்டர் நகரும். 3,200-ஐ 40-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 80 நுண்படிகள். கட்டளையிட்ட படிகளை எண்ணித்தான் முனை எங்கே இருக்கிறது என்று பிரிண்டர் முடிவுசெய்கிறது, அளந்து பார்ப்பதில்லை. முனை எதிலாவது இடித்துச் சில படிகள் தவறினால், அதற்குமேல் வரும் எல்லா அடுக்கும் அந்த அளவு தள்ளியே விழும். ஒரு பொருள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் படிக்கட்டுபோல ஒதுங்கியிருந்தால் நடந்தது இதுதான். இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் பிரிண்டர்களும் கேமராவால் கண்காணிக்கும் பிரிண்டர்களும் இப்போது இருக்கின்றன. ஆனாலும் முதல் அடுக்கு முடியும்வரை பக்கத்திலேயே இருப்பது நல்லது.

எல்லா 3டி பிரிண்டரும் இப்படி இழையை உருக்கித்தான் வேலை செய்கின்றனவா?

இல்லை. இதற்கு முன்பே வந்த முறை வேறு. சக் ஹல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1986-இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின் பயன்படுகிறது. இழையை உருக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்தார், 1992-இல் காப்புரிமை கிடைத்தது. அது 2009-இல் காலாவதியான பிறகே இந்த வகைப் பிரிண்டர்கள் மலிந்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்தன. பொருளை அடுக்குகளாக வெட்டுவது மட்டும் இரண்டு முறைகளுக்கும் பொது.

அந்தக் கொக்கியின் கோப்பைத் தருவாயா?

`.stl` கோப்பைத் தருகிறேன். ஜி-கோட் கேட்காதீர்கள். அது என் பிரிண்டரின் தட்டு அளவு, முனை, இழை ஆகியவற்றுக்கென்று எழுதப்பட்டது. உங்கள் பிரிண்டரில் போட்டால் முனை ஓரத்தில் போய் இடிக்கவும் கூடும். உங்கள் ஸ்லைசரில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். கோப்பைத் திறந்ததும் பட்டை முதுகு பதியக் கிடப்பதுபோலத்தான் திரையில் வரும், 90 டிகிரி திருப்பிப் பக்கவாட்டில் கிடத்திவிட்டு அச்சிடுங்கள்.